புதிய தாள் வேறு, செல்லுபடியாகும் தாள் வேறு

கட்டட வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தால் நம் கண் நடுவில் இருக்கும் படத்துக்குத்தான் போகும். தூண் எங்கே, பீம் எங்கே, படிக்கட்டு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தேடுவோம். விவரம் தெரிந்த சைட் இன்ஜினியர் முதலில் பார்ப்பது தாளின் வலது கீழ் மூலையை. அங்கே ஒரு சிறிய கட்டம் இருக்கும். டைட்டில் பிளாக் என்பார்கள். தாளின் எண், அது எத்தனையாவது திருத்தம், எதற்காகக் கொடுக்கப்பட்டது, வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதைப் படிக்காமல் படத்தை மட்டும் நம்பிக் கம்பி வெட்டக் கூடாது.

நான்கு மாடி அடுக்குமாடிக் குடியிருப்புக்கே வரைபடத் தாள்கள் நூறைத் தாண்டிவிடும். ஆர்க்கிடெக்ட் ஒரு கட்டுத் தாள் தருவார். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒரு கட்டு தருவார். மின் இணைப்புக்கு ஒன்று, குழாய் வேலைக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். வேலை நடக்க நடக்க இவை மாறிக்கொண்டே இருக்கும். உரிமையாளர் கழிப்பறையை நகர்த்தச் சொல்வார். மண் பரிசோதனை அறிக்கை வந்து அஸ்திவாரம் மாறும். லிஃப்ட் கம்பெனி குழியின் அளவைத் திருத்திக் கொடுக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதிய கோப்பு பிறக்கும். ஆனால் பழைய கோப்பு தானாகச் சாகாது. யாருடைய செல்போனிலோ, சைட் ஆபீஸ் சுவரிலோ, கம்பி மேஸ்திரியின் பைக்குள்ளேயோ அது உயிரோடு இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் இன்று எந்தத் தாளை வைத்து வேலை செய்யலாம் என்று எவர் கேட்டாலும் ஒரே பதில் கிடைக்கும்படி செய்வதற்குத்தான் டாக்குமெண்ட் கன்ட்ரோல் என்று பெயர். பெரிய கட்டுமான நிறுவனங்களில் இதற்கென்றே டாக்குமெண்ட் கன்ட்ரோலர் என்ற பதவி உண்டு. ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்று வாங்கும் நிறுவனம் எதுவானாலும் ஆவணங்களை இப்படிக் கட்டுக்குள் வைத்திருப்பதைத் தணிக்கையில் காட்டியாக வேண்டும். விதிகளை வரிசையாகச் சொல்வதைவிட, ஒரே ஒரு தாளின் பின்னால் போனால் இந்த ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது என்பது எளிதில் விளங்கும்.

ஒரு பீம், மூன்று அளவுகள்

கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே நான்கு மாடி வீடுகள் என்று ஒரு கட்டடம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தளத்து பீம்களின் விவரம் 204 என்ற எண்ணுள்ள தாளில் இருக்கிறது. அதில் பி-7 என்று ஒரு பீம். அகலம் 230 மி.மீ., ஆழம் 450 மி.மீ., அடியில் 16 மி.மீ. கம்பி மூன்று. தாளின் மூலையில் `R0` என்று போட்டிருக்கிறது. கட்டுமானத்துக்கென்று கொடுக்கப்பட்ட முதல் தாள் என்று அதற்குப் பொருள். ஒப்பந்தக்காரர் நான்கு பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து உரிமையாளர் ஒரு வீட்டின் கழிப்பறையை 1.2 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறார். கழிப்பறைத் தரையை 300 மி.மீ. பள்ளமாக விட வேண்டும். சன்க் ஸ்லாப் என்பது அதுதான். பள்ளம் நகர்ந்தால் அதை நிரப்பும் பொருளின் எடையும் நகர்ந்து பி-7 மேல் வந்து உட்காரும். எனவே ஸ்ட்ரக்சரல் அலுவலகத்தில் இருக்கும் இளம் பொறியாளர் பீமை மறுபடி கணக்கிடுகிறார். ஆழத்தை 600 மி.மீ. ஆக்கி, அடியில் 20 மி.மீ. கம்பி மூன்று வைக்கிறார். மூலையில் `R1` என்று மாற்றுகிறார். சைட்டிலிருந்து “சார், மாத்தின டிராயிங் எப்ப வரும்?” என்று நாலு தடவை போன் வந்துவிட்டதால், “சும்மா பார்த்து வெச்சுக்கோங்க” என்று வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கோப்பைப் போட்டுவிடுகிறார்.

மறுநாள் மூத்த பொறியாளர் அதே தாளைச் சரிபார்க்கிறார். வண்டி நிறுத்துமிடத்துத் தரையிலிருந்து முதல் தளத்தின் மேல்மட்டம் வரை 2.75 மீட்டர். அதில் பீமே 600 மி.மீ. இறங்கினால் அடியில் மிஞ்சுவது 2.15 மீட்டர். ஆர்க்கிடெக்ட் கேட்டிருப்பதோ 2.2 மீட்டர். அதனால் அவர் ஆழத்தை 525 மி.மீ.-க்குக் குறைத்து, அதை ஈடுகட்ட 20 மி.மீ. கம்பி மூன்றோடு இரண்டாம் அடுக்காக 16 மி.மீ. கம்பி இரண்டையும் சேர்த்து, கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். இந்தத் தாள் ஒப்புதலோடு மின்னஞ்சலில் போகிறது. இதன் மூலையிலும் `R1` என்றே இருக்கிறது.

இப்போது சைட்டில் நிலைமை என்ன? கம்பி மேஸ்திரி கையில் இருக்கும் பிரிண்ட் `R0`. அதன்படி 16 மி.மீ. கம்பியை வெட்டி வளைத்து வைத்துவிட்டார். சென்ட்ரிங் வேலை செய்பவர் செல்போனில் வந்த `R1` கோப்பைப் பார்த்து 600 மி.மீ. ஆழத்துக்குப் பலகை அடித்துவிட்டார். ஒப்புதல் பெற்ற `R1` கோப்போ மின்னஞ்சலில் திறக்கப்படாமல் கிடக்கிறது. ஒரே பீமுக்கு மூன்று அளவு.

கான்கிரீட் போடுவதற்கு முன் இன்ஜினியர் டேப்பும் ஒப்புதல் பெற்ற தாளும் கையுமாக வந்து கம்பியைச் சரிபார்த்தால் இது பிடிபட்டுவிடும். பலகையைப் பிரித்து மறுபடி அடிக்க வேண்டும். வெட்டிய கம்பியை வேறு இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் கூலி வீண். பிடிபடாவிட்டால்தான் ஆபத்து. 16 மி.மீ. கம்பிக்கும் 20 மி.மீ. கம்பிக்கும் விட்டத்தில் வித்தியாசம் 4 மி.மீ.தான், பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கம்பியின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. 16 மி.மீ. கம்பி மூன்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 603 சதுர மி.மீ. ஒப்புதல் பெற்ற தாள் கேட்கும் ஐந்து கம்பிகளின் பரப்பு 1,344 சதுர மி.மீ. பாதிக்கும் குறைவான இரும்போடு அந்த பீம் கான்கிரீட்டுக்குள் மறைந்துவிடும்.

இந்தக் கதையில் சோம்பேறி என்று யாரையும் சொல்ல முடியாது. கம்பி மேஸ்திரி தாளைப் பார்த்துத்தான் வெட்டினார். சென்ட்ரிங் ஆள் இன்னும் ஒருபடி மேலே போய்ப் புதிதாக வந்ததைப் பார்த்தார். பழைய தாளும் தவறு, அதைவிடப் புதிதாக வந்த தாளும் தவறு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ‘லேட்டஸ்ட் எது?’ என்று மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பிடிபடாது. கேட்க வேண்டிய கேள்வி, ‘கட்டுவதற்கு ஒப்புதல் பெற்றதில் கடைசி எது?’ என்பது.

வெளியே போன எண்ணைத் தொடக் கூடாது

மேலே நடந்த குளறுபடிகளில் மோசமானது, உள்ளடக்கம் வேறான இரண்டு தாள்கள் ஒரே `R1` என்ற எண்ணைச் சுமந்ததுதான். பழைய தாளை வைத்திருப்பவரிடம் “உங்களிடம் இருப்பது எத்தனையாவது திருத்தம்?” என்று கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். வாட்ஸ்அப் தாளை வைத்திருப்பவரிடம் கேட்டால் “`R1` சார்” என்பார். கேட்டவரும் நிம்மதியாகப் போய்விடுவார்.

அதனால் திருத்த எண்ணுக்கு முதல் விதி இது: ஓர் எண்ணோடு தாள் அலுவலகத்தை விட்டு வெளியே போய்விட்டால், அந்த எண்ணின் கீழ் ஒரு கோடுகூட மாறக் கூடாது. எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அடுத்த எண். ‘சின்ன மாற்றம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது’ என்று அதே எண்ணில் மறுபடி அனுப்பும் நாளிலிருந்து அந்த எண்ணை எவரும் நம்ப முடியாது.

இரண்டாவது விதி, வரைந்துகொண்டிருக்கும் தாளுக்கும் வெளியிட்ட தாளுக்கும் எண்ணிலேயே வேறுபாடு தெரிய வேண்டும். கட்டுமானத் தகவல் நிர்வாகத்துக்கென 2018-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலையைப் பின்பற்றும் பிரிட்டிஷ் அலுவலகங்களில் வடிவமைப்புக் கட்டத்துத் தாள்கள் `P01`, `P02` என்றும், கட்டுமானத்துக்கான தாள்கள் `C01`, `C02` என்றும் போகும். இடையில் மேசையில் திருத்திக்கொண்டிருக்கும் வரைவுகளுக்கு `P02.01`, `P02.02` என்று புள்ளி வைத்த எண். நம் ஊர் அலுவலகங்களில் பரவலாக இருப்பது வேறு முறை. பேச்சுவார்த்தைக் கட்டத்தில் A, B, C என்று எழுத்துகள். கட்டுவதற்குக் கொடுத்ததிலிருந்து `R0`, `R1`, `R2`. எழுத்து வரிசையில் I, O இரண்டையும் விட்டுவிடுவது வழக்கம்; பிரிண்டில் அவை ஒன்றையும் பூஜ்யத்தையும்போல் தெரியும் என்பதே காரணம். எந்த முறையை எடுத்தாலும் சரி, புள்ளி வைத்த எண் என்றால் இன்னும் முடியவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும். அந்த இளம் பொறியாளர் அனுப்பிய கோப்பில் `R1.1` என்று இருந்திருந்தால் சென்ட்ரிங் பலகை தப்பியிருக்கும்.

எண் மாறினால் எது மாறியது என்றும் தாளிலேயே தெரிய வேண்டும். இதற்காக வரைபடத்தில் மாறிய இடத்தைச் சுற்றி மேகம்போல ஒரு வளைகோடு போடுவார்கள். பக்கத்தில் ஒரு முக்கோணம், அதற்குள் திருத்த எண். மூலைக் கட்டத்துக்கு மேலே ஒரு பட்டியலில் தேதி, மாற்றத்தின் சுருக்கம், பொறுப்பானவரின் சுருக்கொப்பம். இந்தப் பட்டியலில் ‘ரிவைஸ்டு’ என்று மட்டும் எழுதுவது பயனற்றது. ‘பி-7 ஆழம் 450-லிருந்து 525, அடிக்கம்பி மாற்றம், சன்க் ஸ்லாப் இடம் மாற்றம்’ என்று எழுதினால், வெட்டி வைத்த கம்பியில் எதை ஒதுக்க வேண்டும் என்று மேஸ்திரிக்குப் படித்தவுடன் தெரியும்.

பெயரைப் பார்த்தே கோப்பு எதுவென்று தெரிய வேண்டும்

கோப்பின் பெயருக்கு இலக்கியம் தேவையில்லை. திறந்து பார்க்காமலே நான்கு விவரம் தெரிந்தால் போதும்: எந்தக் கட்டடம், எந்தத் துறை, எந்தத் தளம், எத்தனையாவது தாள். அதன் பின்னால் திருத்த எண்ணும் நிலையும். நம் பி-7 பீம் இருக்கும் தாளின் மூன்று பிறவிகளும் இப்படி இருந்திருக்க வேண்டும்:

```
ANB-STR-F1-204_R0_GFC.pdf
ANB-STR-F1-204_R1.1_WIP.pdf
ANB-STR-F1-204_R1_GFC.pdf
```

முதல் மூன்று எழுத்து கட்டடத்தின் குறியீடு. அடுத்தது ஸ்ட்ரக்சரல் துறை. பிறகு முதல் தளம், தாள் எண். கடைசியில் வரும் `GFC` என்பது கட்டுவதற்கு உகந்தது என்ற முத்திரை. சைட்டில் எல்லோருக்கும் பழக்கமான சொல். `WIP` என்றால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, தொடாதே என்று பொருள்.

சின்ன விஷயங்கள் சில உண்டு. தாள் எண்களை 4, 14 என்று எழுதாமல் 004, 014 என்று ஒரே நீளத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பல கணினிப் பட்டியல்களில் 14-ஆம் தாள் 4-ஆம் தாளுக்கு முன்னால் போய் நிற்கும். தேதி தேவைப்படும் கூட்டக் குறிப்பு, ஆய்வறிக்கை போன்றவற்றில் `2025-03-09` என்று ஆண்டை முதலில் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நாளை முதலில் எழுதினால் அந்த வரிசை குலையும். அதோடு, 09-03 என்பது ஒருவருக்கு மார்ச் 9, இன்னொருவருக்கு செப்டம்பர் 3.

பெயரில் வரவே கூடாத சொற்களும் உண்டு. ‘ஃபைனல்’, ‘நியூ’, ‘லேட்டஸ்ட்’ எல்லாம் எழுதிய நாளில் மட்டும் உண்மை; அடுத்த திருத்தம் வந்ததும் பொய்யாகிவிடும். பெயரின் இறுதியில் `(1)` என்றோ `(2)` என்றோ தெரிந்தால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஒரே பெயருள்ள கோப்பை இரண்டாம் முறை பதிவிறக்கும்போது கணினி தானாக ஒட்டும் அடையாளம் அது. யாரோ பொது இடத்திலிருந்து இறக்கி, தம் கணினியில் வைத்து, அங்கிருந்து அனுப்பியிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி.

பெயரோடு திருத்த எண்ணைச் சேர்ப்பது வெளியே போகும் பிரதிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வரையும் மூலக் கோப்பின் பெயர் மாறக் கூடாது. ஆட்டோகேடில் ஒரு கோப்பு இன்னொன்றை அடித்தளமாக இணைத்துக்கொண்டிருக்கும். ஆர்க்கிடெக்டின் தளவரைவு மேல்தான் மின்சாரக்காரர் வரைவார். அந்தக் கோப்பின் பெயரில் `R1` என்று மாற்றிவிட்டால் இணைப்பு அறுந்து, மற்றவர் திரையில் தளவரைவே காணாமல் போகும். மூலக் கோப்புக்கு நிலையான பெயர், வெளியிடும் பி.டி.எஃப். கோப்புக்கு எண் சேர்த்த பெயர் என்று பிரித்துக்கொள்வது பல அலுவலகங்களின் நடைமுறை.

ஒப்புதல் என்பது யாருடைய வேலை?

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் 1980-இல் திறக்கப்பட்டது. அதன் பெரிய முகப்புக் கூடத்தில், இரண்டாம் தளத்திலும் நான்காம் தளத்திலும் நடைபாலங்கள் அந்தரத்தில் தொங்கின. இரண்டாம் தளப் பாலம் நான்காம் தளப் பாலத்துக்கு நேர் கீழே இருந்தது. கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. அத்தனை நீளக் கம்பியில் மரை போட்டு நட்டை ஏற்றுவது சிரமம் என்று இரும்பு வேலை செய்த நிறுவனம் அதை இரண்டு துண்டாக மாற்றியது. கூரையிலிருந்து நான்காம் தளத்துக்கு ஒரு கம்பி. நான்காம் தளத்திலிருந்து இரண்டாம் தளத்துக்கு வேறொரு கம்பி.

பார்வைக்கு இது சின்ன மாற்றம். ஆனால் இப்போது கீழ்ப் பாலம் கூரையில் தொங்கவில்லை. மேல் பாலத்தில் தொங்கியது. மேல் பாலத்தின் இணைப்பில் இருந்த நட்டு, தன் பாலத்தோடு கீழ்ப் பாலத்தின் எடையையும் தாங்க வேண்டியதாயிற்று. சுமை இரட்டித்தது. 1981 ஜூலை 17 மாலை நடன விழாவுக்குக் கூடம் நிறைய மக்கள் கூடியிருந்தபோது இரண்டு பாலங்களும் இடிந்து விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

மாற்றத்தைக் காட்டிய பட்டறை வரைபடத்தில் பொறியாளர் அலுவலகத்தின் முத்திரை இருந்தது. தொலைபேசியில் கேட்டு அனுமதி வாங்கினோம் என்று இரும்பு நிறுவனம் சொன்னது. அப்படி ஒரு பேச்சு நடக்கவில்லை என்றது பொறியாளர் தரப்பு. அந்தப் புதிய இணைப்பு தாங்குமா என்று ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் மிசௌரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள்.

தாளுக்கு எண் இருந்தது, முத்திரையும் இருந்தது. முத்திரைக்குப் பின்னால் இருக்க வேண்டிய சோதனைதான் இல்லை. இந்த விபத்திலிருந்து ஒப்புதல் ஏற்பாட்டுக்கு மூன்று தேவைகள் புலப்படுகின்றன. ஒவ்வொரு தாளிலும் வரைந்தவரும் சரிபார்த்தவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும்; தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. ஒப்புதல் தருபவர் எதைச் சரிபார்த்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்: அளவுகளை மட்டும் ஒத்துப் பார்த்தாரா, கணக்கையும் போட்டாரா? தொலைபேசியில் சொன்ன மாற்றம் தாளாக மாறி வரும்வரை மாற்றமே அல்ல.

கடைசியாகச் சொன்னதுதான் நம் சைட்டுகளில் அன்றாடம் மீறப்படுகிறது. “சார் போன்லயே சொல்லிட்டாரு, போட்டுடலாம்ணே” என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனையோ பீம்கள் மாறியிருக்கின்றன. அவசர மாற்றமே கூடாது என்று சட்டம் போட்டால் வேலை நடக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. சைட்டில் ஒரு குறிப்புப் புத்தகம். சொன்னவர் யார், தாள் எண் என்ன, எந்த இடம், என்ன மாற்றம் என்று அதில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். அதன் படம் அன்றே ஸ்ட்ரக்சரல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். திருத்தப்பட்ட தாள் வந்த பிறகே அந்த இடத்தில் கான்கிரீட். கம்பியை அவிழ்த்து மாற்றலாம், கான்கிரீட்டை அவிழ்க்க முடியாது என்பதால் தடுப்பை அந்த இடத்தில் வைப்பதே சரி.

பதில் வராமல் இருப்பதும் ஒப்புதலில் உள்ள இன்னொரு சிக்கல். ஒப்பந்தக்காரர் அனுப்பிய வரைபடம் ஆலோசகர் மேசையில் பதினைந்து நாள் கிடந்தால் சைட்டில் பொறுமை போய்விடும். ‘ஒன்றும் சொல்லவில்லையே, சரியாகத்தான் இருக்கும்’ என்று வேலை தொடங்கிவிடும். எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று வேலை தொடங்கும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லலாம், கட்டடத்தில் செல்லாது.

ஒரே இடம், நான்கு அறைகள்

‘எல்லாக் கோப்பையும் ஒரே இடத்தில் வையுங்கள்’ என்றால் பலரும் ஒரு கூகுள் டிரைவ் திறந்து எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடுவார்கள். மூன்று மாதத்தில் அது குப்பைத்தொட்டியாகிவிடும். ஒரே இடம் வேண்டும். ஆனால் அதற்குள் சுவர்களும் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 19650 சொல்லும் ஏற்பாட்டில் நான்கு பகுதிகள் உண்டு. வரைந்துகொண்டிருப்பது முதல் அறை. அந்தந்த அலுவலகம் தவிர வேறு யாரும் உள்ளே வர முடியாது. மற்ற துறையினர் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கான தாள்கள் இரண்டாம் அறையில். ஒப்புதல் பெற்று, கட்டுவதற்கு வெளியிட்டது மூன்றாம் அறை. காலாவதியானது நான்காம் அறைக்குப் போகும்; அழிக்கப்படாது.

சைட்டில் இருப்பவர்களுக்கு மூன்றாம் அறையின் சாவி மட்டும் போதும். அதுவும் பார்ப்பதற்கு மட்டும். அங்கே கோப்பைப் போடும் உரிமை ஒரே ஒருவருக்கு. புதிய `R1` உள்ளே வரும்போதே பழைய `R0` நான்காம் அறைக்கு நகர வேண்டும். அப்போது அந்த அறையில் 204 என்ற எண்ணுக்கு எப்போதும் ஒரே ஒரு தாள்தான் இருக்கும். எது சரியான தாள் என்ற கேள்விக்கே இடம் இருக்காது.

பழையதை ஏன் அழிக்கக் கூடாது? ஒப்பந்தக்காரர் கூடுதல் வேலைக்குப் பணம் கேட்பார். `R0` எதைச் சொன்னது, `R1` எதைச் சொன்னது, எந்தத் தேதியில் அவர் கைக்கு வந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்கு தீரும். ‘கோப்பின் பழைய வடிவங்களை டிரைவே வைத்துக்கொள்ளுமே’ என்று நினைத்துச் சும்மா இருக்கவும் முடியாது. கூகுள் டிரைவில் பி.டி.எஃப். கோப்பின் மேல் புதியதை ஏற்றினால் பழைய வடிவம் 30 நாளுக்குப் பிறகு நீக்கப்படலாம். என்றென்றும் வைத்திரு என்று நாமே குறித்துவைக்க வேண்டும். கட்டட வழக்கு 30 நாளில் வருவதில்லை.

வாட்ஸ்அப்பைத் தடை செய்வது நடக்காத காரியம். அதில் கோப்பை அனுப்பாமல், கோப்பு இருக்கும் மூன்றாம் அறையின் இணைப்பை மட்டும் அனுப்பச் சொன்னால் போதும். கோப்பை அனுப்பினால் குழுவில் இருக்கும் இருபது பேர் போனிலும் அன்றைய பிரதி தங்கிவிடும். இணைப்பை அனுப்பினால் அடுத்த மாதம் தட்டிப் பார்ப்பவரும் அன்று எது செல்லுமோ அதைத்தான் பார்ப்பார்.

பிரிண்டைத் திரும்ப வாங்குதல்

கணினியில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் தவறு நடப்பது பெரும்பாலும் காகிதத்தில்தான். கம்பி கட்டும் இடத்தில் வெயிலில் செல்போன் திரை தெரியாது. பெரிய தாள் வேண்டும். எனவே பிரிண்ட் தவிர்க்க முடியாதது. எத்தனை பிரிண்ட், யார் யார் கையில் என்ற கணக்கு மட்டும் நம் கையில் இருக்க வேண்டும். 204-ஆம் தாளின் `R0` நான்கு பேருக்குப் போயிருக்கிறது என்று பதிவேடு சொன்னால், `R1` கொடுக்கும்போது நான்கு பழைய தாள்களும் திரும்பி வர வேண்டும். மூன்றுதான் வந்திருக்கிறது என்றால் நான்காவதைத் தேடிப் போக வேண்டும். பழைய தாளைத் தந்தால்தான் புதிய தாள் என்ற ஒரு விதியே இதைச் சாதித்துவிடும்.

திரும்பி வந்த தாள்களைக் கிழித்துவிடலாம். ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், குறுக்கே பெரிய எழுத்தில் ‘ரத்து’ என்று சிவப்பு முத்திரை குத்தி ஆபீஸ் அலமாரியில் பூட்ட வேண்டும். மூலையில் சின்னதாகக் குத்தினால், தாளை மடித்து வைத்து வேலை செய்பவர் கண்ணில் அது படாது.

எது முடியும், எது முடியாது

இந்த ஏற்பாடு வரைபடத்தில் உள்ள கணக்குப் பிழையைக் கண்டுபிடிக்காது. எல்லோரும் ஒரே தாளைப் பார்க்கிறார்கள் என்பதற்கு மட்டும் இது உத்தரவாதம். அந்தத் தாள் சரியா என்பதைச் சரிபார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறினால் இதுவே நோயாகவும் மாறும். ஒரு தாளுக்கு எட்டுக் கையெழுத்து என்று வைத்தால், மற்ற ஏழு பேர் பார்த்திருப்பார்கள் என்று நம்பி ஒவ்வொருவரும் பார்க்காமலே கையெழுத்திடுவார்கள். அவசரக்காரர்கள் மறுபடியும் வாட்ஸ்அப்புக்கே போவார்கள். எந்தக் கோப்பை நம்பி யாராவது வெட்டுவார்களோ, வாங்குவார்களோ, பணம் கொடுப்பார்களோ அதற்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு போதும். கூட்டத்துக்கு முன் எழுதும் வரைவுக்கெல்லாம் எண் தேவையில்லை.

சொந்த வீடு கட்டுபவருக்கு டாக்குமெண்ட் கன்ட்ரோலர் வைக்க வசதி இருக்காது, தேவையும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாள் எண், இப்போது செல்லும் திருத்தம், தேதி, யாரிடம் பிரிண்ட் இருக்கிறது என்று நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லாப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் கம்பி மேஸ்திரி, சென்ட்ரிங் மேஸ்திரி, இன்ஜினியர் மூவரையும் தங்கள் தாளோடு ஒரே இடத்துக்கு வரச் சொல்லுங்கள். மூன்று தாள்களிலும் எண்ணும் திருத்தமும் உங்கள் நோட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு தாள் ஒத்துப்போகவில்லை என்றாலும் கான்கிரீட் லாரியை மறுநாள் வரச் சொல்லிவிடுங்கள்.